பழைய வண்டி விற்பனையில் தவறான எடுத்துரைப்பா, பிழையா: தேர்வில் விடை எழுதும் முறை

ஒப்பந்தச் சட்டத் தாளில் பழைய வண்டிக் கேள்வி வந்தால் மாணவர்கள் பலர் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். விற்றவர் நேர்மையானவர், அவருக்கும் உண்மை தெரியாது என்று கேள்வியில் ஒரு வரி வரும். அதைப் பார்த்த உடனே, “இருவருமே தவறாக நம்பியிருக்கிறார்கள், ஆகவே 20ஆம் பிரிவு பொருந்தும், ஒப்பந்தம் செல்லாது” என்று எழுதிவிடுகிறார்கள். மதுரையில் மாலை வகுப்பு எடுக்கிற நான் இப்படிப்பட்ட விடைகளைத் திருத்தும்போதெல்லாம் வருத்தப்படுவேன். பிரிவுகள் எல்லாம் மனப்பாடமாக இருக்கும். முதல் கேள்வியை மட்டும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தத் தவறான நம்பிக்கை வாங்கியவர் மனதில் எப்படி வந்தது? தானாக வந்ததா, விற்றவரின் வாயிலிருந்து வந்ததா?

இந்த ஒரு கேள்விதான் விடையின் திசையைத் தீர்மானிக்கிறது. ஒரு கணக்கை எடுத்து முழுவதும் போட்டுப் பார்ப்போம்.

கேள்வி

மேலூர் பக்கத்து விவசாயி ஒருவர் நான்கு வருடமாகத் தன் காய்கறியை ஏற்றிப்போன சிறிய சரக்கு வண்டியை, வாடிப்பட்டியில் இருந்து மாட்டுத்தாவணிக்கு மல்லிகைப்பூ கொண்டுபோகும் ஒரு பெண் வியாபாரிக்கு விற்கிறார். அந்த விவசாயியும் வண்டியைப் பழையதாக வாங்கியவர்தான். பேச்சு இப்படி நடக்கிறது.

“அண்ணே, எவ்வளவு ஓடியிருக்கு? அதைப் பாத்துத்தான் நான் விலை சொல்லணும்.”

“அம்பத்தெட்டாயிரம்தான்மா ஓடியிருக்கு. 2018 மாடல். அடிபடாத வண்டி. ஜல்லிக்கட்டுக் காளை மாதிரி இழுக்கும், கண்ணை மூடிட்டு எடுத்துக்க.”

ஆர்.சி. புத்தகத்தை விற்றவர் அந்தப் பெண்ணின் கையில் கொடுக்கிறார். தெரிந்த மெக்கானிக் ஒருவர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறார். 3,20,000 ரூபாய்க்கு விலை முடிகிறது. ஜெராக்ஸ் கடையில் அடித்த விற்பனைக் கடிதத்தில், “வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைந்து வாங்கிக்கொண்டேன்” என்ற வழக்கமான வரி இருக்கிறது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தாகி, பெயர் மாற்றமும் முடிந்துவிடுகிறது.

18ஆம் நாள் கிளட்ச் வேலைக்காக வண்டியைத் தூக்கி நிறுத்துகிறார்கள். கிளட்ச் மிதியின் ரப்பர் இரும்பு தெரியும்வரை தேய்ந்திருக்கிறது. 58,000 கிலோமீட்டரில் அது அப்படித் தேயாது. அடியில் புதிதாக அடித்த கறுப்புப் பெயின்டைச் சுரண்டினால், சேசிஸ் நீளச்சட்டத்தில் விரல் தடிமனுக்கு வெல்டிங் தழும்பு தெரிகிறது. சேசிஸ் எண்ணை வைத்து சர்வீஸ் பதிவைக் கேட்டால், மேலூர்க்காரர் வாங்குவதற்கு முன்பே வண்டி 1,38,000 கிலோமீட்டரைத் தாண்டியது தெரியவருகிறது. ஆர்.சி.யைத் திரும்பப் பார்த்தால் உற்பத்தி ஆண்டு 2016 என்று இருக்கிறது. மீட்டரைத் திருப்பியதும் வெல்டிங் வைத்ததும் முந்தைய உரிமையாளர் காலத்தில் நடந்தவை. மேலூர்க்காரருக்கு இரண்டுமே தெரியாது. உற்பத்தி ஆண்டை அவர் மறதியில் மாற்றிச் சொல்லிவிட்டார்.

19ஆம் நாள் அந்தப் பெண் போன் செய்கிறார். “ரிப்பேர்ல பாதி நான் தாரேம்மா” என்கிறார் விற்றவர். பெண் அதற்குச் சம்மதித்துப் பணத்தையும் வாங்கிக்கொள்கிறார். முகூர்த்த மாதம் என்பதால் வண்டியைத் தினமும் ஓட்டுகிறார். 46ஆம் நாள், பணத்தை முழுக்கத் திருப்பிக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறார். அவருக்கு என்னென்ன நிவாரணம் உண்டு?

முதல் படி: சொன்ன வார்த்தைகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள்

“விற்றவர் தவறாகச் சொன்னார்” என்று மொத்தமாக எழுதாதீர்கள். அவர் நான்கு விஷயம் சொல்லியிருக்கிறார். நான்குக்கும் சட்டத்தில் ஒரே கதி கிடையாது.

காளை மாதிரி இழுக்கும் என்பது வியாபாரப் புகழ்ச்சி. அதை நம்பி எவரும் வழக்குப் போட முடியாது. ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஓடிய தூரம், அடிபடாதது, மாடல் ஆண்டு ஆகிய மூன்றும் உண்மையா பொய்யா என்று சரிபார்க்கக்கூடிய கூற்றுகள். விடை முழுவதும் இந்த மூன்றைச் சுற்றித்தான் நகர வேண்டும்.

இரண்டாம் படி: பிழையா, எடுத்துரைப்பா என்று முடிவு செய்யுங்கள்

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 20ஆம் பிரிவு, ஒப்பந்தத்துக்கு அடிப்படையான ஓர் உண்மையைப் பற்றி இரண்டு பேருமே தவறான எண்ணத்தில் இருந்தால் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. இந்தக் கேள்வியில் மேலோட்டமாகப் பார்த்தால் அது பொருந்துவது போலத்தான் இருக்கும். இரண்டு பேருமே 58,000 என்றுதானே நம்பினார்கள்?

இங்கேதான் 18ஆம் பிரிவின் மூன்றாவது உட்கூறை வெளியே எடுக்க வேண்டும். ஒப்பந்தப் பொருளின் சாரத்தைப் பற்றி மற்றவரைப் பிழையில் விழவைப்பது, எவ்வளவு களங்கமில்லாமல் செய்யப்பட்டாலும், தவறான எடுத்துரைப்பே என்று அது சொல்கிறது. பிழை என்ற சொல்லை அந்தப் பிரிவே தனக்குள் வைத்திருக்கிறது. அதாவது வாங்கியவர் பிழையில் இருக்கிறார் என்பதாலேயே வழக்கு 20ஆம் பிரிவுக்குப் போய்விடாது. அந்தப் பிழையை விளைவித்தது விற்றவரின் வார்த்தை என்றால் அது 18ஆம் பிரிவு. ஒருவர் வார்த்தையும் காரணமில்லாமல் இரண்டு பேரும் தனித்தனியே ஒரே தவறான எண்ணத்தோடு வந்து சேர்ந்தால்தான் 20ஐ நினைக்க வேண்டும்.

முதல் உட்கூறும் இங்கே உதவும். தன்னிடம் இருக்கும் தகவல் தாங்காத ஒன்றை, நம்பியே சொன்னாலும், அடித்துச் சொல்வதும் தவறான எடுத்துரைப்பு. மேலூர்க்காரர் நான்கு வருடம்தான் வண்டியை வைத்திருந்தார். “என்கிட்ட இருந்த நாலு வருசத்துல அடிபடலை” என்று சொல்ல அவரிடம் தகவல் இருந்தது. “அடிபடாத வண்டி” என்று சொல்ல இல்லை. விடையில் இந்த வித்தியாசத்தைக் காட்டினால், பிரிவை நீங்கள் உண்மையாகவே பொருத்திப் பார்த்திருக்கிறீர்கள் என்பது தெரியும்.

20ஆம் பிரிவு ஏன் பொருந்தாது என்பதையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். பிரிவின் எடுத்துக்காட்டில் வரும் குதிரை, பேரம் பேசும் நேரத்தில் செத்தே போயிருந்தது. பொருளே இல்லை. நம் வண்டி நிற்கிறது, ஓடுகிறது, பூ ஏற்றுகிறது. தரம்தான் குறைவு. பொருளின் மதிப்பைப் பற்றிய தவறான கருத்து உண்மை பற்றிய பிழையாகாது என்று 20ஆம் பிரிவின் விளக்கமும் சொல்கிறது. ஆக்ஸ்கர் செஸ் எதிர் வில்லியம்ஸ், 1957: ஒரு தனிநபர் பதிவுப் புத்தகத்தை நம்பித் தன் மோரிஸ் காரை 1948 மாடல் என்று வியாபாரிக்கு விற்றார், உண்மையில் அது 1939 மாடல். இரண்டு பேருமே ஏமாந்திருந்தும் ஒப்பந்தம் செல்லாததாகவில்லை. பழைய வண்டிக் கேள்விக்கு இதைவிட நெருக்கமான தீர்ப்பு கிடையாது.

பிழையா எடுத்துரைப்பா என்பது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. பிழை என்றால் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது, 65ஆம் பிரிவின்படி வாங்கியதை இருவரும் திருப்பித்தர வேண்டும், வாங்கியவர் இடையில் என்ன செய்தார் என்பது அவ்வளவாகப் பொருட்டில்லை. எடுத்துரைப்பு என்றால் ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது, 19ஆம் பிரிவின்படி தள்ளுவதா வைத்துக்கொள்வதா என்ற தேர்வு வாங்கியவர் கையில். அந்தத் தேர்வை அவர் இழந்துவிடவும் முடியும். நம் பூ வியாபாரி முகூர்த்த மாதம் முழுக்க வண்டியை ஓட்டியது இதனால்தான் பெரிய விஷயமாகிறது.

மோசடி பற்றி இரண்டு வரி போதும். மீட்டர் திருப்பப்பட்டது அவருக்குத் தெரிந்திருந்தால், அல்லது உண்மை என்று நம்பாமலே சொல்லியிருந்தால் 17ஆம் பிரிவு. கேள்வியே தெரியாது என்று சொல்லிவிட்டதால் அதில் நேரம் செலவிட வேண்டாம்.

மூன்றாம் படி: 19ஆம் பிரிவின் விதிவிலக்கு

ஆங்கிலத் தீர்ப்புகளை மட்டும் படித்தவர்கள் இதை விட்டுவிடுவார்கள். ரெட்கிரேவ் எதிர் ஹர்ட், 1881 தீர்ப்பின்படி, உண்மையைக் கண்டுபிடிக்க வாய்ப்பு இருந்தும் வாங்கியவர் பார்க்கவில்லை என்பது விற்றவருக்குக் கேடயமாகாது. நம் சட்டம் அப்படி இல்லை. தவறான எடுத்துரைப்பால் சம்மதம் வந்திருந்தாலும், சாதாரண கவனத்தோடு உண்மையைத் தெரிந்துகொள்ளும் வழி அவருக்கு இருந்திருந்தால் ஒப்பந்தத்தைத் தள்ள முடியாது என்று 19ஆம் பிரிவின் விதிவிலக்கு சொல்கிறது. இந்த இடத்தில் ரெட்கிரேவை மேற்கோள் காட்டி முடித்துவிட்டால் விடை தவறாகிவிடும்.

இப்போது மூன்று கூற்றுகளும் பிரிகின்றன.

மாடல் ஆண்டு இங்கே விழுந்துவிடுகிறது. ஆர்.சி. அவர் கையில் கொடுக்கப்பட்டது. உற்பத்தி ஆண்டு அதிலேயே இருக்கிறது. அதைப் படிப்பதைவிடச் சாதாரணமான கவனம் வேறு எதுவும் இல்லை.

வெல்டிங் நிற்கும். புதுப் பெயின்டுக்கு அடியில் இருந்ததை, ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கும் மெக்கானிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. பெயின்டைச் சுரண்டிப் பார்ப்பது சாதாரண கவனம் இல்லை.

ஓடிய தூரம்தான் வாதத்துக்கு இடமுள்ளது. இங்கே இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள். மிதி ரப்பர் தேய்ந்திருந்தது கண்ணுக்குத் தெரியும், கூட மெக்கானிக்கும் வந்திருந்தார், சர்வீஸ் பதிவைக் கேட்டிருக்கலாம் என்பார் விற்றவரின் வக்கீல். கிராமத்தில் ஒருவரிடம் வண்டி வாங்கும் பூ வியாபாரி சேசிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு சர்வீஸ் நிலையத்துக்குப் போவது வழக்கமில்லை, நேரடியாகக் கேட்ட கேள்விக்கு நேரடியாகப் பதில் வந்தபின் அதைச் சந்தேகித்து விசாரிப்பது சாதாரண கவனத்தைத் தாண்டியது என்பார் வாங்கியவரின் வக்கீல். எனக்கு இரண்டாவது வாதம் வலுவாகத் தெரிகிறது. தேய்ந்த ரப்பர் ஒரு சந்தேகத்தைத்தான் தருமே தவிர 1,38,000 என்ற உண்மையைத் தராது. நீங்கள் வேறு மாதிரி முடிவெடுத்தாலும் தவறில்லை, காரணம் எழுதினால் சரி.

விற்பனைக் கடிதத்தின் “திருப்தியடைந்து வாங்கிக்கொண்டேன்” என்ற வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். 19ஆம் பிரிவின் உரிமை சட்டம் தருவது. அந்த வரி அதைப் பறிக்காது. அவர் விற்றவரின் பேச்சை நம்பவில்லை, தன் சோதனையைத்தான் நம்பினார் என்று காட்ட ஒரு சான்றாக மட்டும் அது பயன்படலாம். ஓடிய தூரத்தை வைத்துத்தான் விலை சொல்வேன் என்று அவர் முதலிலேயே கேட்டது அந்த வாதத்துக்கு நல்ல பதில்.

நான்காம் படி: தள்ளும் உரிமை இன்னும் கையில் இருக்கிறதா

வெல்டிங்குக்காகவும் கிலோமீட்டருக்காகவும் ஒப்பந்தத்தைத் தள்ளும் உரிமை 18ஆம் நாள் அவர் கையில் முழுசாக இருந்தது. அன்றைக்கு வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். 66ஆம் பிரிவின்படி, தள்ளுகிறேன் என்பதை ஒரு முன்மொழிவை எப்படித் தெரிவிப்போமோ அப்படியே மற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும். மனதுக்குள் முடிவெடுத்தால் போதாது. “வண்டி வேண்டாம், வந்து எடுத்துக்கங்க, பணத்தைக் குடுங்க” என்று எழுதி ஒரு பதிவுத் தபால் போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

அவர் என்ன செய்தார்? பாதி ரிப்பேர் பணத்தை வாங்கிக்கொண்டு நான்கு வாரம் ஓட்டினார். இதற்கு லாங் எதிர் லாயிட், 1958 என்ற லாரி வழக்கு கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்துகிறது. அதிலும் லாரி நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்லி விற்றார்கள். முதல் பயணத்திலேயே கோளாறுகள் வந்தன. டைனமோ செலவில் பாதியைத் தருவதாக விற்றவர் சொன்னார், வாங்கியவர் ஒத்துக்கொண்டு லாரியை மறுபடி தூரப் பயணத்துக்கு அனுப்பினார். அந்த இரண்டாவது பயணத்தோடு அவர் லாரியை ஏற்றுக்கொண்டுவிட்டார், இனித் தள்ள முடியாது என்று நீதிமன்றம் சொன்னது.

மறுப்பையும் எழுதுங்கள். லாங் வழக்கில் வாங்கியவருக்குக் கோளாறுகள் தெரிந்திருந்தன. நம் பெண்ணுக்கும் 18ஆம் நாளே மீட்டர், வெல்டிங் இரண்டும் தெரிந்துவிட்டன. ஆகவே வேறுபடுத்த இடமில்லை. பிழைப்புக்காக ஓட்டினேன் என்பது மனிதனாக எனக்குப் புரிகிறது. மல்லிகை காத்திருக்காது, முகூர்த்த நாளில் விடியுமுன் பூ சந்தையில் இருந்தாக வேண்டும். ஆனால் உண்மை தெரிந்தபின் பொருளைத் தன்னுடையதாகவே நடத்துவதுதான் ஏற்பு. காரணம் எதுவானாலும் அது மாறாது. நீதிமன்றம் ரத்து உத்தரவு தருவது பற்றிய குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 1963இன் 27ஆம் பிரிவும், வெளிப்படையாகவோ செயலாலோ ஒப்புக்கொண்டவருக்கு ரத்தை மறுக்கலாம் என்கிறது.

ஆகவே என் முடிவு: 46ஆம் நாள் நோட்டீஸ் தாமதமானது. பணம் முழுவதும் திரும்பக் கிடைக்க வாய்ப்பு குறைவு.

கேள்வியில் உண்மைகள் சற்று மாறியிருந்தால் கவனிக்க வேண்டிய இரண்டை மட்டும் சொல்கிறேன். வண்டியை அதற்குள் மூன்றாம் நபர் ஒருவருக்கு விற்றிருந்தால் ரத்து போய்விடும். ரத்து கிடைக்கும் நிலையில் இருந்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 64ஆம் பிரிவின்படி வாங்கியவரும் பெற்ற பயனைத் திருப்ப வேண்டும். அதாவது வண்டியோடு பெயர் மாற்றத்தையும் திரும்பச் செய்ய ஒத்துழைக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விபத்துப் பொறுப்புக்கு உரிமையாளராகக் கருதப்படுவார் என்பதால் இது விற்றவருக்கும் முக்கியம்.

ஐந்தாம் படி: ரத்து போனபின் இழப்பீடு

பலர் ரத்து கிடைக்காது என்று எழுதியதோடு விடையை முடித்துவிடுகிறார்கள். அங்கேதான் சரக்கு விற்பனைச் சட்டம் 1930 தேவைப்படுகிறது.

களங்கமற்ற எடுத்துரைப்புக்காக மட்டும் இழப்பீடு கேட்க வழி குறுகலானது. ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, உரிமையோடு ரத்து செய்தவருக்குத்தான் இழப்பீடு தருகிறது. நம் பெண் ரத்தை இழந்தவர். 19ஆம் பிரிவின் இரண்டாவது பத்தி, ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு, சொன்னது உண்மையாக இருந்திருந்தால் தான் இருந்திருக்கும் நிலையைக் கேட்கலாம் என்கிறது. ஆனால் அங்குள்ள எடுத்துக்காட்டு, சொத்தில் அடமானம் இருந்தால் அதை மீட்டுத் தரச் சொல்லலாம் என்பது. அடமானத்தை மீட்கலாம். மீட்டர் காட்டாமல் ஓடிய 80,000க்கும் மேற்பட்ட கிலோமீட்டரை எவராலும் திரும்ப எடுக்க முடியாது. அதனால் இந்த வழியைக் குறிப்பிடுங்கள், அதன்மீது சாய்ந்துவிடாதீர்கள்.

இழப்பீடு வேண்டுமென்றால், சொன்ன வார்த்தை ஒப்பந்தத்தின் ஷரத்தாகவே ஆகிவிட்டது என்று காட்ட வேண்டும். இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆக்ஸ்கர் செஸ்ஸில் தனிநபர் சொன்ன ஆண்டு ஷரத்தாகவில்லை. தெரிந்துகொள்ள அவருக்குத் தனி வழி இல்லை, எதிரில் இருந்தது வியாபாரி. டிக் பென்ட்லி எதிர் ஹெரால்ட் ஸ்மித், 1965இல், எஞ்சின் மாற்றியபின் 20,000 மைல்தான் ஓடியது என்று கார் வியாபாரி சொன்னது ஷரத்தாகிவிட்டது. விசாரித்துத் தெரிந்துகொள்ளும் இடத்தில் அவர் இருந்தார்.

நம் வழக்கு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. விற்றவர் வியாபாரி இல்லை, அது ஆக்ஸ்கர் செஸ் பக்கம் இழுக்கிறது. வாங்கியவரும் வண்டி வியாபாரி இல்லை, ஓடிய தூரத்தை வைத்தே விலை சொல்வேன் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறார், அது டிக் பென்ட்லி பக்கம் இழுக்கிறது. கேள்வியின் சொற்களைத் திரும்பப் படியுங்கள். “மீட்டர்ல அம்பத்தெட்டு காட்டுது” என்று அவர் சொல்லியிருந்தால் மீட்டர் மேல் பழியைப் போட்டு ஒதுங்கியிருக்கலாம். “அம்பத்தெட்டாயிரம்தான் ஓடியிருக்கு” என்றார், தானே பொறுப்பேற்றார். நேரடிக் கேள்விக்கு வந்த உறுதியான பதில் என்பதால் ஷரத்து என்றே நான் முடிவு செய்வேன். இது அடித்துச் சொல்லும் முடிவு இல்லை, எதிர்வாதமும் கனமானது என்று ஒரு வரி சேருங்கள்.

இனி, நாம் மூன்றாம் படியில் விழவிட்ட மாடல் ஆண்டுக்கு மறுவாழ்வு வருகிறது. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, விவரணையின் பேரில் விற்றால் பொருள் அந்த விவரணைக்குப் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனையை உள்ளே வைக்கிறது. வியாபாரியாக இருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. அந்தக் கட்டுப்பாடு 16ஆம் பிரிவுக்குத்தான், அதனால்தான் விவசாயிமேல் விற்கத்தக்க தரம் என்ற வாதத்தை வைக்க முடியாது. பீல் எதிர் டெய்லர், 1967இல் தனிநபர் ஒருவர் 1961 மாடல் என்று விளம்பரம் செய்து விற்ற கார், இரண்டு கார்களின் பாதிகளை வெல்டிங் செய்து சேர்த்தது, பின்பாதி மட்டுமே 1961. வாங்கியவர் நேரில் பார்த்துத்தான் வாங்கினார். இருந்தும் அது விவரணையின் பேரிலான விற்பனைதான், இழப்பீடு உண்டு என்று தீர்ப்பு. 19ஆம் பிரிவின் சாதாரண கவனம் என்ற விதிவிலக்கு அந்தப் பிரிவுக்கே சொந்தம். 15ஆம் பிரிவுக்குள் அது நுழையாது. எனவே ரத்துக்கு உதவாத 2018 என்ற சொல் இழப்பீட்டுக்கு உதவலாம். ஆர்.சி.யைக் கையில் வைத்திருந்தவர் விவரணையை நம்பினாரா என்ற கேள்வி மட்டும் மிஞ்சும். விற்பனைக் கடிதத்தின் திருப்தி வரி, விவரணை நிபந்தனையை விலக்குவதாக எங்கும் சொல்லாததால் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி அதை ஒழிக்காது.

நிபந்தனை மீறல் என்றாலும் இப்போது வண்டியைத் திருப்பித்தர முடியாது. பொருளை ஏற்றுக்கொண்டவர் நிபந்தனை மீறலை உத்தரவாத மீறலாகத்தான் நடத்த முடியும் என்று 13ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு சொல்கிறது. ஆனால் 59ஆம் பிரிவு விலைக்குறைப்போ இழப்பீடோ தருகிறது. 19ஆம் நாளுக்குப் பிறகு ஓட்டியது ரத்தைத் தின்றது, இழப்பீட்டைத் தின்னவில்லை.

நுகர்வோர் ஆணையத்தை வலிய இழுத்து எழுத வேண்டாம். தன் சொந்த வண்டியை ஒருமுறை விற்கும் விவசாயி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சொல்லும் வணிகர் ஆகமாட்டார். வண்டியைப் பழைய வண்டிக் கடையில் வாங்கியிருந்தால் நிலைமை வேறு. அப்போது சொந்தப் பிழைப்புக்காக வாங்கியதா, வணிக நோக்கமா என்ற கேள்வியும் சேர்ந்து வரும்.

ஆறாம் படி: தொகையைக் காட்டுங்கள்

கேள்வியில் எண் இருந்தால் விடையிலும் எண் இருக்க வேண்டும். 2016 மாடல், 1,38,000க்கு மேல் ஓடியது, சேசிஸ் வெல்டிங் உள்ளது என்ற உண்மைகளோடு அந்த வண்டி விற்ற நாளில் 2,45,000 ரூபாய் பெறும் என்று வைத்துக்கொள்வோம். கொடுத்தது 3,20,000. வித்தியாசம் 75,000. பேசிய வண்டி கொடுத்த விலைக்குச் சமமாக இருந்திருக்கும் என்று கொண்டால் அதுதான் 59ஆம் பிரிவில் அவர் கேட்கும் தொகை.

இதில் ஒரு கவனம் வேண்டும். 75,000 என்பது மூன்று குறைகளும் சேர்ந்து உண்டாக்கிய இறக்கம். அடிபடாத வண்டி என்ற கூற்று ஷரத்தாகவில்லை என்று நீங்கள் முடிவு செய்திருந்தால், வெல்டிங்கால் வந்த இறக்கத்தைக் கழிக்க வேண்டும். அதன்மேல் கிளட்ச் ரிப்பேர் செலவையும் கூட்டினால் ஒரே நட்டத்தை இரண்டு முறை எண்ணியதாகும், ஏனென்றால் அதிகம் ஓடிய வண்டியின் விலை குறைவதே இப்படிப்பட்ட செலவுகளால்தான். விற்றவர் தந்த பாதி ரிப்பேர் பணத்தையும் தொகையிலிருந்து கழிக்க வேண்டும்.

விடைத்தாளில் முடிவுப் பத்தி இப்படி இருக்கலாம்

“விற்றவரின் கூற்றுகளே வாங்கியவரின் தவறான நம்பிக்கைக்குக் காரணம். ஆகவே இது 18(1), 18(3) பிரிவுகளின்படி தவறான எடுத்துரைப்பு, 20ஆம் பிரிவின் பிழை அல்ல. மாடல் ஆண்டு பற்றிய கூற்று 19ஆம் பிரிவின் விதிவிலக்கில் அடங்கும். கிலோமீட்டர், விபத்து பற்றிய கூற்றுகளால் ஒப்பந்தத்தைத் தள்ளும் உரிமை எழுந்தது. ஆனால் உண்மை தெரிந்தபின் பாதிச் செலவைப் பெற்றுக்கொண்டு நான்கு வாரம் வண்டியைப் பயன்படுத்தியதால் அது இழக்கப்பட்டது. ஓடிய தூரம் ஒப்பந்தத்தின் ஷரத்து, மாடல் ஆண்டு விவரணை என்ற அடிப்படையில், சரக்கு விற்பனைச் சட்டம் 15, 13(2), 59 பிரிவுகளின்படி விலை வித்தியாசத்தை இழப்பீடாகக் கோரலாம். பெற்றுக்கொண்ட ரிப்பேர் பணம் அதில் கழிக்கப்படும்.”